படிப்பை ஆறு மாதம் நிறுத்திவைக்கக் கேட்கும் கடிதம்: ஒரு பத்தியைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அம்மாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆளில்லை. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை படிப்பை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகம் அனுமதித்துவிட்டது. ஆனால் உதவித்தொகை தருபவர்களிடமும் தனியாக, முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று என் ஒப்பந்தம் சொல்கிறது.

மருத்துவச் சான்றும் நெறியாளரின் கடிதமும் தயார். முதலில் 'விடுப்பு' என்றுதான் எழுதியிருந்தேன். நெறியாளர் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். விடுப்பு என்றால் உதவித்தொகைக் காலம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஆறு மாதம் பணமில்லாமல் நிற்பாய் என்றார். அதனால் இப்படி மாற்றினேன்:

"மேற்கண்ட ஆறு மாதங்களுக்கு உதவித்தொகையை நிறுத்திவைத்து, அது முடியும் தேதியையும் ஆறு மாதம் தள்ளி, புதிய தேதியை எழுத்தில் உறுதிசெய்யுமாறு வேண்டுகிறேன். செப்டம்பர் 1 அன்று ஆய்வுக்குத் திரும்புவேன்."

இது போதுமா? இன்னொரு சிக்கலும் உண்டு. தொகை காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாக வருகிறது. ஜனவரியில் வந்ததில் மார்ச் மாதத்துக்கானதும் சேர்ந்திருக்கிறது. அதை நானே குறிப்பிட்டு, திருப்பிக் கட்டவா, செப்டம்பர் தொகையில் கழித்துக்கொள்வீர்களா என்று கேட்கலாமா? மறைக்க மனமில்லை. ஆனால் மொத்தமாக உடனே கட்டு என்றால், மருத்துவச் செலவுக்கு நடுவில் திணறிப்போவேன்.

இப்படி இடைவெளி வாங்கியவர்கள், அந்த வரியை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.