கொண்டை போட்டு நெற்றியோரம் முடி போனவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம் தோழிகளே. சேலம் அம்மாபேட்டையில் இருக்கேன், வயசு 31. ஜவுளிக்கடை வேலை. ஏழு வருஷமா தினமும் பத்து மணி நேரம் இழுத்துக் கட்டின கொண்டை, அதுமேல பூச்சரம். சாயங்காலம் அவிழ்க்கும்போது தலைத்தோல் விண்விண்ணுன்னு வலிக்கும். காதுக்கு மேல சின்னச் சின்ன கொப்புளம் வரும். வேர்க்குரு என்று விட்டுட்டேன். அதுதான் முதல் எச்சரிக்கையாம்!

இப்போ இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் முடி பின்வாங்கிடுச்சு. ஓரத்தில் மட்டும் பூனைமுடி மாதிரி ஒரு வரிசை மிச்சம். கொண்டைக்குள் சிக்காத அந்தக் குட்டை முடி மட்டும் தப்பிப்பதால், இழுப்பால் வந்த சொட்டைக்கு அதுவே அடையாளம் என்றார் தோல் டாக்டர். லென்ஸ் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் முடித்துளைகள் தெரியுது, இழுப்பை நிறுத்தினா வளர வாய்ப்பு உண்டு. வலது பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வழவழன்னு மின்னுது, துளையே இல்லை. வேர் தழும்பாகிட்டா மருந்து போட்டாலும் அங்கே முளைக்காதாம். மினாக்ஸிடில் இடது பக்கத்துக்கு மட்டும் கொடுத்திருக்கார்.

கொண்டையை விட்டு இரண்டு மாசம் ஆச்சு. கடையில் தளர்பின்னலுக்குச் சம்மதிக்க வைக்கவே பெரும்பாடு!

உங்களில் யாருக்காவது திரும்ப முளைச்சிருக்கா? எத்தனை மாசத்தில் கண்ணுக்குத் தெரிஞ்சது? வழவழப்பான இடத்துக்கு முடி நடவு செய்தவங்க இருந்தா, அது நின்றதா? வெங்காயச்சாறு வைத்தியம் மட்டும் வேண்டாம், அத்தை ஏற்கெனவே தேய்ச்சு எரிச்சல்தான் மிச்சம்.