நினைவு செல்லா, ஆன்டிபாடியா? மார்க் போட உதவி வேண்டும்

பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். தடுப்பூசிக் கேள்விக்குப் பலர் எழுதும் பதில் இது: “முதல் ஊசியில் உருவான ஆன்டிபாடிகள் ரத்தத்திலேயே இருக்கும், கிருமி வந்ததும் நினைவு செல்கள் அதைப் பிடித்து அழிக்கும்.” இரண்டு வேலையும் இடம் மாறியிருக்கிறது. நினைவு பி செல் நேரடியாகக் கிருமியை அழிப்பதில்லை. அதே ஆன்டிஜெனைக் கண்டதும் பெருகி, பிளாஸ்மா செல்களாக மாறுகிறது. ஆன்டிபாடியைச் சுரப்பது அவைதான். முதல் முறை இதற்கு ஒரு வாரம் போலப் பிடிக்கும். அடுத்த முறை சில நாட்களே போதும், அளவும் பல மடங்கு, பெரும்பாலும் ஐஜிஜி.

இதைப் பிரித்துக் காட்ட ஹெபடைடிஸ் பி நல்ல உதாரணம். ஊசி முழுவதும் போட்டவருக்கு, பல வருடம் கழித்து ஆன்டிபாடி லிட்டருக்கு 10 சர்வதேச அலகுக்குக் கீழே இறங்கலாம். ஆனாலும் பெரும்பாலும் நோய் வருவதில்லை. அந்த வைரஸ் நோயாக வெளிப்படவே வாரக்கணக்கில் ஆகும், நினைவு செல்களுக்கு அந்த அவகாசம் போதும். டெட்டனஸில் இது நடக்காது. நச்சு முந்திக்கொள்ளும், ஆன்டிபாடி முன்கூட்டியே ரத்தத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி.

சரி, என் சந்தேகம்: “இரண்டாம் முறை வேகமாக நடக்கும்” என்று மட்டும் சரியாக எழுதி, செல்லை மாற்றிப் போட்டால் பாதி மார்க் தருவீர்களா? அப்புறம், இந்த இரண்டு நோய்களையும் ஒப்பிடும் வரைபடக் கேள்வி யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.