போட்டிச் சேனல்களின் தலைப்புகளை எப்படிப் படிப்பது? எழுத உட்கார்ந்தால் அவர்கள் சொற்களே வருகின்றன

அணைக்கட்டுத் தோட்டம்

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா இலவம்பாடி முள் கத்தரி போடுகிறார், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம்தான். அவர் செய்வதை நான் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறேன்.

கத்தரி சாகுபடி பற்றிப் பேசும் மூன்று சேனல்களைக் கவனித்து வருகிறேன். அவர்கள் தலைப்பு, விளக்கம் எல்லாம் எப்படி அமைக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் நாலு தலைப்பைப் படித்துவிட்டு என்னுடையதை எழுத உட்கார்ந்தால் "காய்ப்புழு வராமல் தடுக்க இதை மட்டும் செய்யுங்கள்" என்று அவர்கள் வாக்கியமே வருகிறது. அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடுவது எப்படி?

குடியாத்தம் மணி

தம்பி, தலைப்பை விடுங்க, டேக்தான் முக்கியம். கம்ப்யூட்டரில் அவங்க வீடியோவைத் திறந்து View page source போங்க. அதில் `<meta name="keywords"` என்று தேடினால் அவங்க போட்ட டேக் தெரியும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் அவங்க வீடியோ பக்கத்திலேயே உங்களுடையதும் வரும். டேக் வெளியே தெரியாது, யாரும் காப்பி என்று சொல்ல முடியாது.

ஆரணிப் பட்டு

எங்களுக்கும் இதே தொல்லைதான். புடவை வீடியோவுக்கு நாங்கள் எழுதிய விளக்கத்தை வேறொரு சேனல் வரி விடாமல் எடுத்துப் போட்டிருக்கிறது. காப்பிரைட் புகார் கொடுக்கலாமா? தலைப்புக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா?

காட்பாடி எடிட்டர்

மணி அண்ணா சொன்ன இடத்தில் டேக் தெரிவது உண்மைதான். ஆனால் வீடியோவைக் கண்டுபிடிப்பதில் டேக்குக்குப் பெரிய பங்கு இல்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. மக்கள் அடிக்கடி தப்பாகவோ வேறு மாதிரியோ எழுதும் சொல்லுக்குத்தான் அது உதவும். தம்பி தலைப்பில் "கத்தரி" என்று எழுதினால் "கத்திரி" என்பதை டேக்கில் போடட்டும், அவ்வளவு போதும். அடுத்த சேனலின் பெயரை டேக்கில் போடுவதும், டேக்குகளை விளக்கத்தில் கொட்டுவதும் விதிமீறல். வீடியோவையே எடுத்துவிடக்கூடும்.

ஆரணிக்காரருக்கு: வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. நீங்களே எழுதிய நீளமான விளக்கம் வேறு விஷயம். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், விவரமாகப் பேசலாம்.

இப்போது தம்பி கேள்விக்கு வருகிறேன். தலைப்பைத் தாளில் எழுதி வைத்தால் அது மண்டையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தலைப்பை எழுதாதே, தலைப்பு என்ன வேலை செய்கிறது என்பதை எழுது. ஒரு சேனலுக்கு ஒரு ஷீட் போடு. கடைசி 30 வீடியோ போதும். ஷார்ட்ஸையும் லைவையும் சேர்க்காதே, போட்டு ஒரு மாதம் ஆகாததையும் விடு. ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரி: தலைப்பு எதில் தொடங்குகிறது? விவசாயி கண்ணால் பார்க்கும் அறிகுறியா, மருந்தா, செலவா, மகசூல் எண்ணா? பயிரின் வயது இருக்கிறதா? ஊர் பெயர் இருக்கிறதா? ஆங்கிலச் சொல் கலந்திருக்கிறதா? பதிலை "அறிகுறி", "மருந்து", "ஆம்", "இல்லை" என்று மட்டும் எழுது. வீடியோவின் லிங்க் இருக்கட்டும், தலைப்பின் சொற்கள் ஷீட்டில் இருக்கவே கூடாது.

அப்புறம் C பத்தியில் பார்வை எண்ணிக்கையைப் போட்டு, பக்கத்துப் பத்தியில் இதைக் கொடு:

```
=C2/MEDIAN(C$2:C$31)
```

சராசரி எடுத்தால் ஒரே ஒரு வைரல் வீடியோ எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும், அதனால்தான் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான மீடியன். 1 வந்தால் அந்தச் சேனலுக்கு அது வழக்கமான வீடியோ. 2-க்கு மேல் வந்தால் நின்று பார்க்க வேண்டியது. பெரிய சேனலின் பார்வையைச் சின்ன சேனலோடு நேராக ஒப்பிடக் கூடாது, இந்த விகிதத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

அணைக்கட்டுத் தோட்டம்

அக்கா, மிக்க நன்றி. ஒரு சேனலுக்குப் போட்டுப் பார்த்தேன். மீடியன் 6,200 பார்வை. "அறிகுறி" என்று குறித்த ஏழில் ஐந்து 2-க்கு மேல் இருக்கின்றன. "மருந்து" என்று குறித்தவை பெரும்பாலும் 1-க்குக் கீழே. அப்படியென்றால் அறிகுறியில் தொடங்கினால் போதும்தானே?

காட்பாடி எடிட்டர்

அவசரப்படாதே. அந்த ஐந்தும் எந்தத் தேதியில் வந்தவை என்று பார். எல்லாம் ஒரே சீசனில் வந்திருந்தால், புழுத் தொல்லை அதிகமான நேரத்தில் எல்லோரும் தேடியிருப்பார்கள். அது தலைப்பின் பலன் ஆகாது. அதே சேனலில் அதே புழுவைப் பற்றி அதே சீசனில் வந்த "மருந்து" வகை வீடியோ ஒன்றையாவது பக்கத்தில் வைத்துப் பார். மற்ற இரண்டு சேனல்களிலும் இதே சாய்வு தெரிகிறதா என்றும் பார்.

இன்னொன்று, நாம் பார்ப்பது இன்றைய தலைப்பை மட்டும்தான். அவர்கள் நடுவில் மாற்றியிருக்கலாம். எத்தனை பேருக்குக் காட்டி எத்தனை பேர் தட்டினார்கள் என்பதும் வெளியே தெரியாது. படம் இழுத்ததா தலைப்பு இழுத்ததா என்று ஷீட் சொல்லாது.

அணைக்கட்டுத் தோட்டம்

பார்த்தேன் அக்கா. ஐந்தில் மூன்று ஒரே மாதத்தில் வந்தவை. மற்ற சேனல்களில் ஒன்றில் சாய்வு இருக்கிறது, ஒன்றில் இல்லை.

காட்பாடி எடிட்டர்

சரி, அப்படியானால் "சோதித்துப் பார்க்கலாம்" என்ற அளவுக்குத்தான் அதை நம்பு. இப்போது ஷீட்டை மூடிவிட்டு, உன் வீடியோவையே போட்டுக் கேள். அப்பா புழு விழுந்த செடியைக் காட்டும்போது என்ன சொல்கிறார்?

அணைக்கட்டுத் தோட்டம்

"குருத்து தொங்குது பாரு, உள்ள புழு இருக்கு, கிள்ளி எறி" என்கிறார்.

காட்பாடி எடிட்டர்

அதுதான் உன் தலைப்பு. "கத்தரிக் குருத்து தொங்குதா? உள்ளே புழு இருக்கு, எங்கே கிள்ளணும்னு அப்பா காட்டுகிறார்". வகை அறிகுறிதான், சொல் உங்கள் வீட்டுச் சொல். எழுதிய பிறகு யூடியூபில் அதைத் தேடு. பயிர் பெயரும் பூச்சி பெயரும் யாருக்கும் சொந்தமில்லை, அவை ஒத்துப்போகலாம். ஆனால் நாலு சொல் தொடர்ச்சியாக இன்னொருவர் தலைப்போடு ஒத்தால் மாற்றி எழுது. இது என் கணக்கு, சட்டம் இல்லை. அந்தத் தொங்கும் குருத்தை வீடியோவின் தொடக்கத்திலேயே காட்டிவிடு. தலைப்பில் சொன்னது கண்ணில் படாவிட்டால் பார்ப்பவர் போய்விடுவார்.

தலைப்புக்கு 100 எழுத்து எல்லை. தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "காய்ப்புழு" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, வேறொரு வெற்று ஷீட்டின் A2-ல் அதை எழுதி, பக்கத்தில் `=LEN(A2)` போட்டால் 10 என்று வரும். போனில் நீளத் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் "கத்தரிக் குருத்து" முன்னாலேயே இருக்கட்டும்.

குடியாத்தம் மணி

எல்லாம் சரி. ஆனால் தலைப்பில் brinjal என்று ஒரு சொல்லாவது வேண்டாமா? நம்ம பசங்க தமிழையே ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுறாங்க.

காட்பாடி எடிட்டர்

இதில் எனக்கு முடிவான பதில் இல்லை அண்ணா. நான் பார்க்கும் சேனல்களில் இரண்டு விதமாகவும் ஓடுகிறது. தம்பி, ஸ்டுடியோவில் Analytics திறந்து `YouTube search` வழியாக வந்தவர்கள் என்ன தட்டினார்கள் என்று பார். அந்தப் பட்டியல் உன் சேனலுக்கு மட்டும் உரியது, போட்டிச் சேனலின் ஷீட்டில் கிடைக்காது. அதில் ஆங்கில எழுத்து நிறைய வந்தால் சேர்க்கலாம்.

அணைக்கட்டுத் தோட்டம்

இப்போதுதான் பார்த்தேன். தேடல் வழியாக வந்தவர்களே ரொம்பக் குறைவு, பட்டியலில் நாலைந்து சொல்தான் இருக்கிறது. தலைப்பை மட்டும் இன்று மாற்றுகிறேன், படத்தையும் விளக்கத்தையும் தொடவில்லை. பட்டியல் நீண்டதும் brinjal பற்றி இங்கேயே எழுதுகிறேன்.