குப்பம்மாள் கயல்விழி ஆகணும்: பெயர் மாற்றியவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வலங்கைமான் பொண்ணு

எனக்கு முன்னாடி பிறந்த பிள்ளைங்க தங்காததால, நான் பிறந்ததும் குப்பைமேட்டுல போட்டு எடுத்து, பக்கத்து வீட்டு ஆத்தாகிட்ட தவிட்டுக்கு வாங்கி, குப்பம்மாள்னு வச்சாங்க. ஊர்ல பாதி வீட்டுல இப்படி ஒரு பேர் உண்டு, அதனால சின்ன வயசுல ஒண்ணும் தோணல. இப்ப தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். பேரைக் கூப்பிட்டதும் வகுப்பு சிரிக்குது. கயல்விழின்னு மாத்தலாம்னு முடிவு பண்ணிட்டேன், அம்மாவும் ஒரு வழியா சரின்னுட்டாங்க. படிப்புச் சான்றிதழ், ஆதார், பான், பேங்க், நகைக்கடன், அப்பா எழுதிவச்ச ஒரு துண்டு நிலம் எல்லாம் பழைய பேர்ல இருக்கு. மாத்தினவங்களுக்கு எங்கே இடிச்சுது?

மன்னை மாப்பிள்ளை

ரொம்ப சுலபம் மேடம். நோட்டரிகிட்ட முத்திரைத்தாள்ல ஒரு பிரமாணம் எழுதி, ரெண்டு பேப்பர்ல விளம்பரம் கொடுத்தா போதும். பெங்களூருல என் அண்ணன் அப்படித்தான் மாத்தினான். அப்புறம் ஒரு யோசனை: எண்கணிதம் பார்த்து ஒரு a சேர்த்து வையுங்க. எனக்கு அப்படித்தான் வச்சாங்க, அதுக்கப்புறம் தொழில் நல்லா போகுது.

கும்பகோணம் இ-சேவை

தம்பி, பிரமாணப் பத்திரமும் விளம்பரமும் சில இடத்துல கேட்பாங்கதான். ஆனா நம்ம மாநிலத்துல ஆதார் மையத்துல முழுப் பெயரையும் மாத்தணும்னு போய் நின்னா முதல்ல கேட்கிறது கெஜட். சென்னை அண்ணா சாலையில இருக்கிற எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பம் போகணும். படிவம் stationeryprinting.tn.gov.in தளத்துலயே இருக்கு. போட்டோவுல அதிகாரியோட சான்றொப்பம் வாங்கி, பிறந்த தேதிக்கான ஆதாரம் வச்சு அனுப்பணும். அரசிதழ்ல பகுதி ஆறு, பிரிவு நாலுல வரும். வாசகம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இன்னார், இன்னார் மகள், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவார்.

அக்கா, விண்ணப்பம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல இருக்கிற எல்லாக் காகிதத்தையும் தரையில பரப்பி, ஒவ்வொண்ணுலயும் உங்க பழைய பேர் எப்படி இருக்குன்னு எழுத்துக்கு எழுத்து பாருங்க. புதுப் பேரைப் பத்தித்தான் எல்லாரும் யோசிக்கிறாங்க. என் கடைக்கு வந்து மாட்டிக்கிறவங்க எல்லாரும் பழைய பேர்லதான் மாட்டறாங்க. கெஜட் வெட்டாத்துப் பாலம் மாதிரி. அந்தக் கரையில புதுப் பேரு, இந்தக் கரையில நீங்க எழுதிக் கொடுத்த பழைய பேரு, அந்த ஒரே எழுத்துக்கூட்டல்தான். பாஸ்புக்ல வேற மாதிரி இருந்தா, பாலம் அங்கே இறங்காது.

பாபநாசம் அம்மா

என் பேரனுக்கு பிறப்புச் சான்றிதழ்ல பேரே இல்லை, 'ஆண் குழந்தை'ன்னு மட்டும் இருக்கு. ரெண்டாவது படிக்கிறான். இதுக்கும் கெஜட் போடணுமா?

கும்பகோணம் இ-சேவை

வேண்டாம்மா, இது பெயர் மாற்றம் இல்லை, பெயர் சேர்க்கிறது. பிறந்து பதினைஞ்சு வருஷத்துக்குள்ள, எந்த ஊர்ல பிறப்பைப் பதிஞ்சாங்களோ அங்கேயே தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பள்ளிக்கூடத்துல கொடுத்த பேரையே எழுத்து மாறாம கொடுங்க.

கூத்தாநல்லூர்க்காரன்

என் தங்கச்சி மாப்பிள்ளை கதையைச் சொல்றேன். வளைகுடாவுக்கு விசா வந்தாச்சு, பழைய பாஸ்போர்ட்ல. அந்த நேரம் பார்த்து யாரோ சொன்னாங்கன்னு பேரை மாத்திப் புது பாஸ்போர்ட் எடுத்தாரு. விசா ஒரு பேர்ல, பாஸ்போர்ட் ஒரு பேர்ல. கம்பெனிக்காரன் திரும்பவும் விசா போடணும்னுட்டான், அது வர்றதுக்குள்ள அந்த வேலைக்கு வேற ஆள் போயாச்சு. அப்புறம் இன்னொண்ணு, பத்தாவது பாஸ் பண்ணினவங்களுக்கு குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். அதுக்குப் பத்தாவது சான்றிதழைக் காட்டணும். சான்றிதழ்ல பழைய பேர், ஆதார்ல புதுப் பேர். கெஜட் கையில இருந்ததால தப்பிச்சாரு. எந்த வேலையும் பாதியில நிக்கும்போது பேரை மாத்தாதீங்க, அவ்வளவுதான் நான் சொல்றது.

திருவையாறு ஓய்வு தலைமையாசிரியர்

அந்தச் சான்றிதழ் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயரை மாற்றுவதென்றால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே பள்ளிப் பதிவேட்டில் மாற்றிவிட வேண்டும். நான் ஒவ்வொரு ஆண்டும் பெற்றோரை அழைத்து, பட்டியலைக் கையில் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்வேன். தேர்வுத் துறை பிறகு திருத்துவது அச்சுப்பிழை, எழுத்துப்பிழை போன்றவற்றை. வளர்ந்த பிறகு விரும்பி வைத்துக்கொண்ட பெயரைப் பழைய மதிப்பெண் பட்டியலில் ஏற்றித் தருவார்கள் என்று நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். கயல்விழியின் பி.எட். பட்டத்தில் கடைசி வரை குப்பம்மாள்தான் இருப்பார். சான்றிதழோடு அரசிதழ் நகலையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா.

ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா? உண்டென்றால், சான்றிதழ் சரிபார்ப்பு முடியும் வரை பெயரைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

வலங்கைமான் பொண்ணு

ஐயா, எண்ணம் உண்டு. ஆனா அறிவிப்பு எப்ப வரும், சரிபார்ப்பு எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? அதுக்காகக் காத்திருந்தா எனக்கு நரை விழுந்துடும்.

இ-சேவை தம்பி சொன்னபடி எல்லாத்தையும் பரப்பிப் பார்த்தேன். பத்தாவது சான்றிதழ்ல Kuppammal R. ஆதார்ல Kuppammal. அதுவும் முதல்ல Kupammal-னு இருந்து, கல்யாணத்துக்கு அப்புறம் திருத்தினது. பான்ல Rajagopal Kuppammal, அப்பா பேர் முழுசா இருக்கு. பேங்க் பாஸ்புக்ல R Kuppamal, நடுவுல ஒரு m குறையுது. நகைக்கடனும் அதே பேங்க், அதே எழுத்து. பத்திரத்துல தமிழ்ல குப்பம்மாள், பிரச்சினை இல்லை.

மன்னை மாப்பிள்ளை

ஒரு எழுத்துதானே மேடம். புது ஆதார் வந்ததும் பேங்க்ல அதையே கொடுங்க, நேரா கயல்விழின்னு மாறிடும்.

கும்பகோணம் இ-சேவை

தம்பி பேங்குக்குச் சொல்றது பானுக்குன்னா ஓரளவு சரி. புது ஆதாரை ஆதாரமா வச்சுத் திருத்தம் போட்டா பான் மாறும், நம்பரும் அதேதான் இருக்கும். பான்ல இனிஷியலை ஒத்தை எழுத்தா ஏத்துக்க மாட்டாங்க, அதான் அக்காவுக்கு அப்பா பேர் முழுசா வந்திருக்கு. அது தப்பில்லை. கெஜட்லயே 'ராஜகோபால் மகள்'னு இருக்கும், அந்த R யாருன்னு அதுவே சொல்லிடும்.

பேங்க் அப்படி இல்லை. கவுண்டர்ல இருக்கிறவர் கெஜட்டைப் பிரிச்சுப் பார்ப்பாரு. Kuppammal என்கிறவர் Kayalvizhi ஆனாங்கன்னு இருக்கும். அவர் திரையில இருக்கிறது Kuppamal. 'இது நீங்கதான்னு எப்படி நம்பறது?'ன்னு கேட்டா, அன்னைக்கு உங்க கையில பழைய பேர்ல ஆதாரே இருக்காது. இன்னைக்கு இருக்கு. இன்னைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள்ல கடிதம், ஆதார் நகல், பான் நகல் கொடுத்தா அந்த m வந்துடும், அது வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம். நகைக்கடன் ரசீதுலயும் சரியாகுதான்னு கேளுங்க. முடிஞ்சா நகையை மீட்டுட்டே பேர் மாத்துங்க. பழைய பேர்ல அடகு வச்சு புதுப் பேர்ல மீட்கப் போனா கையெழுத்து முதற்கொண்டு கேள்வி வரும்.

ரெண்டாவது, இதுதான் எனக்குக் கவலையா இருக்கு. ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்த விடுவாங்க. நீங்க ஒண்ணைச் செலவழிச்சாச்சு. மிச்சம் ஒண்ணு. அதுக்கு மேல போனா விதிவிலக்கு கேட்டு மண்டல அலுவலகம் வரைக்கும் எழுதிக்கிட்டு அலையணும். அதனால Kayalvizhi-யா, Kayalvili-யா, மாப்பிள்ளை சொல்ற மாதிரி ஒரு a கூடவான்னு கெஜட்டுக்கு எழுதறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. எண்கணிதம் பார்க்கிறது உங்க இஷ்டம், ஆனா பார்க்கிறதா இருந்தா இப்பவே பார்த்துடுங்க.

ஆதார் மையத்துல ஒரு இடம் கவனிங்க. நாங்க ஆங்கிலத்துல அடிக்க அடிக்க, கீழே தமிழ் தானா வந்து விழும். அது சொந்த புத்தியில எழுதறது. ஒரு தடவை ஒரு பாட்டிக்கு 'கனகவல்லி' அடிச்சா 'கனகாவல்லி'ன்னு வந்துச்சு. முன்னாடி இருக்கிற திரையைப் பார்த்து, ஒப்புகைச் சீட்டுல ழகரம் சரியா இருக்கான்னு படிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்.

நீடாமங்கலம் விவசாயி

நிலத்தைப் பத்தி யாரும் பேசல, நான் சொல்றேன். பதிவான பத்திரத்துல பேரை மாத்தி எழுத முடியாது. நாளைக்கு விக்கும்போது 'குப்பம்மாள் என்கிற கயல்விழி'ன்னு எழுதி கெஜட்டைக் காட்டினா போதும். பட்டாதான் தொந்தரவு. என் சம்சாரம் பேர்ல இருந்த நிலத்துக்கு அப்படித்தான் ஆச்சு. ஆதார்லயும் பாஸ்புக்லயும் புதுப் பேர், சிட்டாவுல பழைய பேர். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனோம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் பார்த்துட்டு, 'நிலம் வேற ஆளுதா?'ன்னு கேட்டாரு. மழை வேற இருட்டிக்கிட்டு வருது, நெல்லு களத்துல குவிஞ்சு கிடக்கு. கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிட்டு வந்து ரெண்டும் ஒரே ஆள்னு எழுதி வாங்கின பிறகுதான் மூட்டை தராசுல ஏறிச்சு. தங்கச்சி, நீங்க சாகுபடி பண்றீங்களா, குத்தகைக்கு விட்டிருக்கீங்களா?

வலங்கைமான் பொண்ணு

குத்தகைதான் அண்ணே. ஆனா பயிர்க் காப்பீட்டுக்கு அவர் என் சிட்டாவைத்தான் கொண்டு போறாரு.

நீடாமங்கலம் விவசாயி

அப்போ பட்டாவுல பேர் மாத்தறதுக்கும் தாலுகா ஆபீஸ்ல மனு போட்டுடுங்க. சம்பா நடவுக்கு முன்னாடி போட்டா நல்லது, காப்பீட்டு நேரத்துல அந்த ஆபீஸ்ல நிக்க இடம் இருக்காது.

திருவையாறு ஓய்வு தலைமையாசிரியர்

தேர்வு வாரிய விஷயத்தில் இ-சேவை தம்பி என்ன நினைக்கிறார்?

கும்பகோணம் இ-சேவை

எனக்கு வேற கருத்து ஐயா. விண்ணப்பத்துல சான்றிதழ்ல இருக்கிற பேரையே போட்டு, கெஜட்டைக் கூட வச்சுப் போனவங்க சரிபார்ப்பு முடிச்சு வந்ததைப் பார்த்திருக்கேன்.

திருவையாறு ஓய்வு தலைமையாசிரியர்

நான் அதற்கு மாறாகவும் பார்த்திருக்கிறேன். நுழைவுச்சீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று ஒரு பெண் தேர்வுக்கூட வாசலில் அழுதுகொண்டு நின்றாள். கண்காணிப்பாளர் நல்ல மனிதர், அரசிதழைப் பார்த்து உள்ளே விட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. விண்ணப்பம் போடும் நாளில் எந்தப் பெயரில் அடையாள அட்டை இருக்கிறதோ, தேர்வு நாளிலும் அதுவே இருக்கட்டும்.

வலங்கைமான் பொண்ணு

சரிங்க ஐயா, அறிவிப்பு வர்றதைப் பொறுத்து யோசிக்கிறேன். திங்கக்கிழமை முதல்ல பேங்குக்குப் போய் அந்த m-ஐ வாங்கிட்டு வர்றேன். தம்பி, சான்றொப்பத்துக்கு எங்க ஸ்கூல் தாளாளர் கையெழுத்து செல்லுமா?

கும்பகோணம் இ-சேவை

செல்லாதுக்கா, தனியார் பள்ளி. யார் யார் கையெழுத்துப் போடலாம்னு படிவத்துலயே போட்டிருக்கும். அரசு மருத்துவமனை டாக்டர் தெரிஞ்சவரா இருந்தா கேளுங்க. முத்திரை போட்டோ மேல பாதி, தாள் மேல பாதி விழணும்.

பாபநாசம் அம்மா

தம்பி, பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல இனிஷியல் ரெண்டு போட்டிருக்காங்க. அதையும் பிறப்புச் சான்றிதழ்ல போடணுமா?