சென்சார் பார் மேலேயா, கீழேயா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மழைக்கால_கேமர்
பழைய நிண்டெண்டோ வீ கன்சோலை எடுத்து 55 அங்குல டிவியில் மாட்டினேன். சென்சார் பார் டிவிக்குக் கீழே, ஸ்டாண்டின் பின்பக்கம் சுவரோரமாக இருக்கிறது. நின்றுகொண்டு ஆடினால் ஓரளவு பரவாயில்லை. தரையில் உட்கார்ந்தால் கர்சர் மறைந்தே போகிறது. பகலில் மட்டும் கர்சர் தனியாகத் துள்ளவும் செய்கிறது. பார் போய்விட்டதா? புதுசு வாங்கணுமா?

வேகப்புயல்
வாங்காதீங்க ப்ரோ. Sensitivity-ஐ 5-ல வைங்க, முடிஞ்சது. என்கிட்ட அப்படித்தான் சரியாச்சு.

பழைய_கன்சோல்_மாமா
புயல் சொல்வது பாதி சரி. தூரத்தில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு அது கைகொடுக்கும். இவருக்கு இன்னும் துள்ளும்.

அந்தப் பார் எதையும் 'சென்ஸ்' பண்ணுவதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. ஆகவே ரிமோட் இருக்கிற இடத்திலிருந்து பார் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் உட்காரும் இடத்தில், ரிமோட் பிடிக்கும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். ஸ்டாண்டின் விளிம்பு பாரை மறைக்கும் என்று நினைக்கிறேன். நின்றால் வேலை செய்து உட்கார்ந்தால் போகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். பாரை முன் விளிம்புவரை இழுத்து, டிவியின் நடுவுக்கு நேராக வையுங்கள்.

விளக்கு எரிகிறதா என்று பார்க்க மொபைலின் செல்ஃபி கேமராவைப் பிடியுங்கள். இரு முனையிலும் ஊதா நிறப் புள்ளிகள் தெரிய வேண்டும். பின் கேமராவில் தெரியாமல் போகலாம். பல போன்களில் அதற்கு வடிகட்டி உண்டு.

பகல் துள்ளல் தனிக் கதை. `Wii Settings`-ல் `Sensor Bar`, அதற்குள் `Sensitivity` போங்கள். ரிமோட் பார்க்கிற புள்ளிகள் அந்தத் திரையில் அப்படியே தெரியும். இரண்டே இரண்டு இருக்க வேண்டும். இப்போது பாரின் மேல் தடித்த துணியைப் போட்டு மூடுங்கள். அப்புறமும் புள்ளி மிச்சமிருந்தால் அது பார் இல்லை. ஜன்னல் வெயில், குண்டு பல்பு, இல்லை பளபள மேஜையில் விழும் பிரதிபலிப்பு.

நிலா_ஆட்டம்
மெழுகுவர்த்தி இரண்டு ஏற்றி வைத்தாலும் கர்சர் வரும் என்பது உண்மைதான்! பார் ஒயர் அறுந்த அன்று அப்படித்தான் ஆடினோம். (திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம்.)

கை_ஆட்டி
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனா பிஎஸ்3 மூவ் கன்ட்ரோலர்ல. அதோட நுனில எரியற பந்து அறை ஓரத்துக்குப் போனா டிராக்கிங் விடுது. கேமராவை எங்க வைக்கிறது?

பழைய_கன்சோல்_மாமா
அது தலைகீழ் ஏற்பாடு தம்பி. அங்கே கேமரா டிவி பக்கம், விளக்கு உங்கள் கையில். பிளேஸ்டேஷன் ஐ கேமராவின் லென்ஸ் வளையத்தைத் திருகிப் பாருங்கள்: சிவப்புப் புள்ளி குறுகிய கோணம், நீலம் அகலக் கோணம். மூவுக்கு நீலம். சிவப்பில் இருந்தால் ஓரத்தில் விடத்தான் செய்யும்.

மழைக்கால_கேமர்
மாமா, விளிம்புக்கு இழுத்ததும் தரையில் உட்கார்ந்தும் கர்சர் நிற்கிறது. துணி போட்டுப் பார்த்தேன்: திரையின் இடப்பக்கம் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டே இருந்தது. ஜன்னல் திரையை இழுத்ததும் அது போய்விட்டது. Sensitivity-ஐ 5-லிருந்து 2-க்கு இறக்கினால் திரை பாதி திறந்திருந்தாலும் இரண்டு புள்ளிதான்.

ஒரு சந்தேகம் பாக்கி. நான் குறிபார்க்கும் இடத்துக்கும் கர்சர் நிற்கும் இடத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் வருகிறது.

பழைய_கன்சோல்_மாமா
அதே மெனுவில் `Sensor Bar Position` என்ன காட்டுகிறது? பார் கீழே இருக்க, அங்கே `Above TV` இருந்தால் கர்சர் மேலே தள்ளி நிற்கும். அதைச் சரிசெய்தாலும் அச்சுப் பிசகாமல் நிற்காது. டிவி எவ்வளவு பெரியது என்று ரிமோட்டுக்குத் தெரியாது. அது பார்க்கிற புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. துப்பாக்கி மாதிரி குறிபார்க்காமல் கர்சரைப் பார்த்து ஆடுவதே வழி.

வேகப்புயல்
எங்க வீட்டுல மேல வெச்சாதான் நல்லா இருக்கு. கீழ வெச்சா காபி மேஜை மறைக்குது.

மழைக்கால_கேமர்
`Above TV`-ல்தான் இருந்தது! மாற்றியதும் சாண் விரற்கடையாகிவிட்டது. ஆனால் சோஃபாவைப் பின்னுக்குத் தள்ளி நாலு மீட்டரில் உட்கார்ந்தால் கர்சர் மறுபடி நடுங்குகிறது.

பழைய_கன்சோல்_மாமா
மூன்று மீட்டருக்கு மேல் போனால் இரண்டு புள்ளியும் ரிமோட்டுக்கு ரொம்ப நெருங்கித் தெரியும், சின்ன அசைவும் பெரிதாகிவிடும். சோஃபாவை முன்னே இழுங்கள்.

நிலா_ஆட்டம்
விளக்குகளைத் தள்ளித் தள்ளிப் பொருத்திய அகலப் பார் தூரத்துக்கு உதவும் என்கிறார்களே, யாராவது ஆடிப் பார்த்தீர்களா?