மருந்துத் தவறு அறிக்கைகள் கூடினால் வார்டு கெட்டுவிட்டதா?

வார்டு பொறுப்பாளர்: மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறைத் தாமாகவே சொல்லும் செவிலியருக்கு மெமோ கிடையாது என்று அறிவித்தேன். அதன்பின் அறிக்கைகள் கூடிவிட்டன. நிர்வாகம் விளக்கம் கேட்கிறது. என்ன சொல்வது?

கண்டிப்பானவன்: பயம் போனால் கவனமும் போகும். இரண்டு பேருக்கு மெமோ கொடுங்கள். எண்ணிக்கை தானாகக் குறையும்.

மருந்தகத்தார்: குறைவது அறிக்கையாகத்தான் இருக்கும், தவறாக இருக்காது. 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுவில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; கணக்கிலோ அங்கேதான் கூடுதலாக இருந்தது. இந்த முடிவை அறியாத ஒருவரை அனுப்பிக் கவனிக்கச் செய்தபோது, அந்தப் பிரிவுகளில் தவறைப் பற்றித் தயங்காமல் பேசுகிறார்கள் என்பது தெரியவந்தது.

கண்டிப்பானவன்: அப்படியானால் எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் நல்ல செய்திதானா? உண்மையிலேயே அலட்சியம் கூடியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மருந்தகத்தார்: நியாயமான கேள்வி. பழைய மாதத்திலிருந்தும் புதிய மாதத்திலிருந்தும் சில கேஸ் ஷீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, எழுதிய மருந்தையும் கொடுத்த மருந்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஷீட்டில் கிடைக்கும் தவறுகள் முன்போலவே இருந்து, அவற்றில் அதிகமானவை இப்போது அறிக்கையிலும் வந்திருந்தால், வாய்தான் திறந்திருக்கிறது. ஷீட்டிலும் கூடியிருந்தால் உங்கள் சந்தேகம் சரி.

குழுத்தலைவர்: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் பெயர் எழுதாமல் போடும் புகார்ப்பெட்டி வைத்தோம். மேலாளரைப் பற்றிய குறைகள் குவிந்தன. அதையே செய்யலாமே?

மருந்தகத்தார்: இங்கே கேட்பது மேலாளரைப் பற்றிய புகார் அல்ல. மருத்துவர் இன்சுலின் 4 என்று எழுதி, அலகைக் குறிக்க ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி எழுதினால், அது சுழியமாகத் தெரிந்து 40 என்று படிக்கப்படும் ஆபத்து உண்டு. ஊசியில் ஏற்றும்போது ஒரு செவிலியர் அதைக் கண்டுபிடித்தால், எந்த ஷீட், எந்த நேரம், எதனால் சந்தேகம் வந்தது என்று உடனே அவரிடம் கேட்க வேண்டும். பெயரில்லாத சீட்டிடம் எதைக் கேட்பது? பொறுப்பாளர் முதலில் கேட்க வேண்டியது நோயாளியின் நிலையை. அடுத்தது மருத்துவர் எழுதியிருந்த விதத்தை. “யார் செய்தது?” என்று தொடங்கினால் அடுத்த ஷிப்டுக்குள் வார்டு முழுவதும் அது பரவிவிடும். அந்த வாரமே அலகு என்று முழுதாக எழுதும் விதியைக் கொண்டுவந்து, யார் சொன்னதால் வந்தது என்று அவர் சம்மதத்துடன் அறிவியுங்கள். “ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள், “நேற்றிரவு எந்த மருந்தைக் கொடுக்கும்போது தயங்கினீர்கள்?” என்று கேளுங்கள்.

கண்டிப்பானவன்: நோயாளியின் பெயரைச் சரிபார்க்காமலே, பார்த்ததாக மூன்றாம் முறையும் கையெழுத்திடுபவருக்கும் இதேதானா?

மருந்தகத்தார்: இல்லை. மறைத்தவருக்கும் பொய்க் கையெழுத்திட்டவருக்கும் நடவடிக்கை உண்டு என்பதை அதே அறிவிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

வார்டு பொறுப்பாளர்: அதை நான் எழுதவில்லை, சேர்க்கிறேன். ஆனால் ரவுண்ட்ஸில் சந்தேகம் கேட்ட செவிலியரை எல்லோர் முன்னிலையிலும் அதட்டும் மூத்த மருத்துவர் என் அதிகாரத்தில் இல்லை. அவரை என்ன செய்வது?

மருந்தகத்தார்: அந்தக் கேள்வியை அவர் முன்னிலையில் நீங்களே மறுபடி கேட்கலாம்; செவிலியர் தனியாக நிற்கமாட்டார். அதற்குமேல் மருத்துவக் கண்காணிப்பாளர் தலையிடாமல் நடக்காது.

கண்டிப்பானவன்: அவர் தலையிட்டு நான் பார்த்ததில்லை.