வீட்டிலிருந்து வேலை: ஒரு வாரம் உழைத்தது யாருக்கும் தெரியவில்லை

தென்காசிக்காரன்: என் குழு நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே காலை 9.30 மணிக் கூட்டம் எனக்குக் கோடையில் இரவு 7 மணி, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 8 மணி. நான் பகலில் வேலை பார்க்கும்போது அவர்கள் தூங்குகிறார்கள். பணப் பட்டுவாடா கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வாரம் தேடினேன். இரவு 8 மணிக்கு மேல் அங்கே வந்த பணம் யூடிசி நேரப்படி மறுநாள் கணக்கில் விழுந்திருந்தது. திருத்தியது இரண்டே வரி. அப்ரைசலில் மேலாளர், "அந்த வாரம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். டிக்கெட்டில் ஐந்து நாளும் 'இன் ப்ராக்ரஸ்' மட்டும்தான். உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

கோவை இரவுப்பணி: டீம்ஸில் பச்சை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெசேஜ் வந்தால் உடனே பதில். நான் அப்படித்தான் தப்பிக்கிறேன்.

பழைய லீட்: உடனே பதில் சொல்வது நல்லதுதான் தம்பி. ஆனால் பச்சை விளக்கைப் பார்த்தால் ஆள் இருப்பது தெரியும், வேலை தெரியாது. அதுவும் அவர்கள் தூங்கும்போது யார் பார்ப்பது? காலையில் நான் டிக்கெட்டைத் திறந்தால் தேடுவது இரண்டு: எதெல்லாம் காரணம் இல்லை என்று தெரிந்துவிட்டது, நான் என்ன முடிவு சொல்ல வேண்டும். தென்காசித் தம்பி இரண்டாம் நாள் இப்படி எழுதியிருக்கலாம்:

"வங்கிக் கோப்பு சரியாக இருக்கிறது, அது காரணம் இல்லை. இரவு 8 மணிக்கு மேல் வந்தவை மட்டுமே பொருந்தவில்லை. தேதி பிரிக்கும் இடத்தில் சந்தேகம், நாளை சோதிப்பேன். புரொடக்‌ஷன் லாகைப் படிக்க அனுமதி வேண்டும். உங்கள் மதியத்துக்குள் கிடைத்தால் நாளையே தெரிந்துவிடும்."

இதைத் தனி மெசேஜில் போடாமல் டிக்கெட்டிலேயே போடுங்கள். அப்ரைசல் நேரத்தில் தேடினால் கிடைக்கும். கடைசி வரியில் நேரத்தைச் சொல்லாவிட்டால், அவர் ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் உங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

மதுரை மருமகள்: எனக்கு மேலாளர் பிரச்சினை இல்லைங்க, வீடுதான். மாலை 7 மணிக்குத்தான் சொந்தக்காரர்கள் வருவார்கள். வீட்டில் இருப்பவள் காபி போட மாட்டாளா என்று அத்தைக்கு வருத்தம். மாடி அறைக்கு மாறினேன். கூட்டம் உள்ள நேரத்தைக் காலண்டரில் எழுதி அடுப்படியில் மாட்டினேன். அத்தையே இப்போது, "அவளுக்கு ஆபீஸ்" என்று சொல்லிவிடுகிறார். வேலை முடிந்ததும் லேப்டாப்பை மேலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவேன். ஆனால் நவம்பரில் நேரம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

தென்காசிக்காரன்: அண்ணே, நேற்று வேறொரு டிக்கெட்டில் அப்படியே எழுதினேன். அனுமதி காலையிலேயே வந்திருந்தது. ஆனால் ஒரு கேள்வி: தினமும் எழுதினால், எழுதாத நாளில் வேலை செய்யவில்லை என்று நினைக்க மாட்டார்களா?

பழைய லீட்: சிலர் நினைப்பார்கள். நான் நினைத்ததில்லை. உங்கள் மேலாளர் எப்படி என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

கோவை இரவுப்பணி: என் மேலாளர் டிக்கெட்டைத் திறப்பதே இல்லை. அவருக்கு எங்கே எழுதுவது?